ஏட்டுக் கணக்கும் தராசுக் கணக்கும்
(பதுளையில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில்முயற்சி வகுப்பொன்றின் முடிவில் மாணவர் எழுதித் தரும் வணிகத் திட்டத்துக்கு எவ்வாறு புள்ளி இடுவது என்பது பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். இது ஆசிரியருக்கு மட்டும் உரிய விஷயமன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. 2005ஆம் ஆண்டு பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோன்றியபின் தொழில்முயற்சியாண்மை இவ்வூரில் பட்டத்துக்குரிய பாடமாகவே ஆகிவிட்டது. அதற்கு வெளியேயும் ஆறு வாரம், மூன்று மாதம் என்று வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே எழுதப்படும் திட்டம் புள்ளி பெற்றதோடு நின்றுவிடுவதில்லை. அதே தாள் வங்கி மேசைக்குப் போகிறது, வீட்டுக்கும் போகிறது. முப்பது வருடம் கொழுந்து பறித்த தாய், தன் சேமலாப நிதிப் பணத்தை எடுத்து மகன் கையில் கொடுப்பதா வேண்டாமா என்பதை, அந்தத் தாளில் நாம் இட்ட சிவப்பு மைப் புள்ளியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறாள். ஆகவே புள்ளி இடுபவன் கை சற்று நடுங்குவது நல்லது.

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு தாளையே எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம். இது இன்னாருடைய திட்டம் என்று எவரையும் சுட்டுவதற்கில்லை. பலரிடம் காணும் குறைகளையும் நிறைகளையும் ஒன்றுசேர்த்து நாமே அமைத்த மாதிரி இது. எண்கள் விளக்கத்துக்காக இட்டவை. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

பசறை வீதியில் ஒரு தோட்டம். அங்கே அண்ணனும் தம்பியுமாக இருவர் யோகட் செய்து விற்கத் திட்டமிடுகிறார்கள். பாலில் சீனியும் ஜெலற்றினும் சேர்த்து நன்றாகக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆற்றி, உறை சேர்த்து, கோப்பைகளில் ஊற்றி, சில மணி நேரம் சூடு தணியாமல் வைத்து உறைந்தபின் குளிரில் வைக்க வேண்டும். ஒரு லீற்றர் பாலில் 80 மில்லிலீற்றர் கோப்பை ஏறத்தாழ 12 வரும். நாளொன்றுக்கு 200 கோப்பை விற்பதாகத் திட்டம். முதலீடு ஐந்தரை இலட்சம் ரூபா. அதில் நாலு இலட்சம் வங்கிக் கடன், ஒன்றரை இலட்சம் தாயின் சேமலாப நிதி. முடிவில் மாத இலாபம் 252,000 ரூபா என்று பெரிய எழுத்தில் போட்டு அடியிற் கோடும் இழுத்திருக்கிறது. அட்டையும் அழகு, எழுத்தும் அழகு.

இதற்கு 100 புள்ளியில் எத்தனை? நாம் மூன்றாகப் பிரிக்கிறோம். சந்தையில் வாங்குவோர் உண்டு என்பதற்கான சான்றுக்கு 40. கணக்கின் நியாயத்துக்கு 35. வைத்துக்கொண்ட அனுமானங்கள் நடக்கக்கூடியவையா என்பதற்கு 25. அட்டைக்கும் அலங்காரத்துக்கும் புள்ளி இல்லை.

முதல் வாசிப்பில் புள்ளி இடுவதில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, காணும் ஒவ்வோர் எண்ணின் அருகிலும் மூன்று குறிகளில் ஒன்றை இட்டுப் போகிறோம். அந்த எண் அவர்கள் கண்ணால் கண்டு எண்ணியதாயின் 'கண்டது'. பிறர் சொல்லக் கேட்டதாயின் 'கேட்டது'. தாமே வைத்துக்கொண்டதாயின் 'நினைத்தது'. நினைத்த எண் கூடாது என்பதன்று. எந்தத் திட்டத்திலும் அது இருந்தே தீரும். ஆனால் நினைத்தது கண்டதைப்போல் வேடமிட்டு வரும்போதுதான் கேடு விளைகிறது. கொழுந்து நிறுக்கும் தராசடியில் கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது நம் பெண்களுக்குத் தெரியும். திட்டத்தை நிறுக்கும்போதும் அவ்வாறே கூடையையும் ஈரத்தையும் கழித்தபின் எஞ்சுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு வித்தியாசம்: இங்கே எவ்வளவு கழித்தோம், ஏன் கழித்தோம் என்பதை மாணவனுக்கு எழுத்தில் சொல்லியே கழிக்க வேண்டும்.

இனி முதற் பகுதிக்கு வருவோம். 200 கோப்பை என்ற எண் எங்கிருந்து வந்தது? திட்டம் சொல்கிறது: பதுளை மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உள்ளனர், நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலும் 8,000 கோப்பை, நாம் கேட்பதோ வெறும் 200. கேட்கும்போது அடக்கமான கணக்காகவே தோன்றுகிறது. ஆனால் வெலிமடையில் இருப்பவன் இவர்களுடைய யோகட்டை எப்படிக் காண்பான்? மடுல்சீமைக்கு இவர்களுடைய வண்டி போகப்போகிறதா? மக்கள்தொகை உண்மை, நூற்றுக்கு ஒன்று என்பது வெறும் நினைப்பு. உண்மையான பெரிய எண்ணொன்றை நினைப்பினால் பெருக்கினால் கிடைப்பதும் நினைப்பே.

அடுத்த சான்று, ஐம்பது பேரிடம் கேட்ட கேள்வி: "சுத்தமான, சுவையான யோகட் குறைந்த விலையில் கிடைத்தால் வாங்குவீர்களா?" நாற்பத்தாறு பேர் ஆம் என்றனர். மற்ற நால்வருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது போலும்! அக்கம்பக்கத்துப் பிள்ளை வந்து இப்படிக் கேட்டால் எந்த அக்கா மாட்டேன் என்பார்? நாளை வாங்குவாயா என்ற கேள்விக்கு வரும் விடை மரியாதை. நேற்று என்ன வாங்கினாய், எந்தக் கடையில், என்ன விலைக்கு என்ற கேள்விக்கு வரும் விடைதான் சான்று. இந்தப் பகுதிக்கு நாம் இட்டது 40க்கு 6. அந்த ஆறும் கேள்வி கேட்கப் புறப்பட்டதற்காக.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரே ஒரு வரி எழுதினோம்: "பஸ் போகும் வழியில் உள்ள கடைகளை எண்ணுக." அவர்கள் எண்ணினார்கள். கடைகள் பதினான்கு, யோகட் விற்பவை ஒன்பது. ஒன்பது கடைகளிலும் எல்லாக் கம்பனி யோகட்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சராசரி 150 கோப்பை விற்பதாகக் கடைக்காரர் கணக்குச் சொன்னார்கள். அந்த வழியின் சந்தை முழுவதுமே 150. இவர்கள் ஒருவர் மட்டும் 200 விற்கப்போவதாக எழுதியிருந்தார்கள்! ஓர் எண்ணிக்கையில், அரைநாள் நடையில், திட்டத்தின் முதுகெலும்பு முறிந்தது. அது முறிந்த இடம் தாளாக இருந்தது நல்லதாயிற்று. தாயின் பணமாக இருந்திருந்தால் என் செய்வது?

இன்னுமொன்றையும் அவர்கள் கண்டு வந்தார்கள். ஒன்பதில் நான்கு கடைகளில் இருந்த குளிர்ப்பெட்டி கடைக்காரருடையதன்று. பெரிய கம்பனியொன்று கொடுத்து வைத்தது. அதில் வேறொருவருடைய பண்டத்தை வைக்கக் கடைக்காரர் துணியார். இது எந்தக் கணக்கெடுப்புப் புத்தகத்திலும் இல்லை. கடை வாசலில் நின்றவனுக்கே தெரியும்.

பின்பு இரண்டு வாரம் விற்றுப் பார்த்தார்கள். வழியில் முதலாவதாக வரும் மூன்று கடைகள். அவை கம்பனிப் பெட்டிக் கடைகளாதலால் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் இட்டு யோகட் வைத்து, மறுநாட் காலை மிஞ்சியதைத் திருப்பி எடுத்தார்கள். தினமும் 30 கோப்பை. முதல் வாரம் ஆறு நாளில் கொடுத்த 180இல் 156 விற்றது. இரண்டாம் வாரம் 180இல் 120. அவர்கள் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து எழுத முனைந்தார்கள். நாம் தடுத்தோம். முதல் வாரம் பத்தாந் திகதிச் சம்பளத்துக்கு அடுத்த வாரம். கையில் காசு இருந்தது, புதுப் பண்டம் என்ற ஆவலும் இருந்தது. இரண்டாம் வாரத்தில் ஆவல் தணிந்தது, காசும் குறைந்தது. அப்போதும் வாங்கினவனே வாடிக்கைக்காரன். அப்படியாயின் மூன்று கடையில் நாளொன்றுக்கு 20. கடைக்கு ஏறத்தாழ 7. ஒன்பது கடைக்கு 60 என்று கொள்ளலாம். இந்த 60 'கண்டது' என்ற குறி பெறும் எண். அதன் அருகில் பழைய 200 நிற்க முடியாது.

இந்தச் செய்தி நம் மலைக்குப் புதிதன்று. ஹப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்னைத் தொழிற்சாலையைப் பார்க்கிறவர்கள், லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கிய கதையைக் கேட்கிறார்கள். அவர் தோட்டம் வாங்கித் தேயிலை உண்டாக்கிவிட்டு, யார் வாங்குவார்கள் என்று தேடவில்லை. வருவதற்கு முன்பே பிரித்தானியாவில் அவருக்கு நூற்றுக்கணக்கான கடைகள் இருந்தன. வாங்குவோர் வரிசை கடை வாசலில் நின்றது. அதைக் கண்டபின்பே தோட்டத்தை வாங்கினார். நம் இளைஞருக்கு நூறு கடை வேண்டியதில்லை. ஆனால் வரிசை முந்தியது, பட்டடை பிந்தியது என்ற முறை இருவருக்கும் ஒன்றே.

இரண்டாம் பகுதி, கணக்கின் நியாயம். இங்கே புள்ளி இடுபவர் செய்யும் தவறொன்றை முதலில் சொல்லிவிடுவோம். 200 என்ற எண் பிழை என்று முன்பே புள்ளி குறைத்தாயிற்று. அதே பிழைக்காகக் கணக்குப் பகுதியிலும் தண்டிப்பது நீதியன்று. ஒரு குற்றத்துக்கு ஒரு தண்டனைதான். ஆகவே 200 விற்கிறது என்றே வைத்துக்கொண்டு, அதன்பின் வரும் கணக்கு நேர்மையானதா என்று பார்க்க வேண்டும்.

திட்டத்தின் கணக்கு இது. பால் லீற்றர் 160 ரூபா. கோப்பைக்கு ஏறத்தாழ 13. சீனி, ஜெலற்றின், உறை 6. கோப்பை, மூடி, லேபல் 9. ஆகச் செலவு 28. கடையில் விற்கும் விலை 70. இலாபம் 42. அதை 200ஆலும் 30 நாளாலும் பெருக்க 252,000. பெருக்கலில் பிழையே இல்லை. அப்படியாயின் பிழை எங்கே?

முதலாவது, 70 ரூபா வாடிக்கைக்காரன் கடைக்காரருக்குக் கொடுப்பது. கடைக்காரர் இவர்களுக்குக் கொடுப்பது 60. இடையிலுள்ள பத்து அவருடைய கூலி. பிறர் பையில் விழும் பணத்தைத் தம் வரவாக எழுதுவது மாணவர் தாள்களில் மிகச் சாதாரணமாகக் காணும் பிழை. இரண்டாவது, பால் காய்ச்ச எரிவாயு வேண்டும். கோப்பைக்கு 3 ரூபா வைத்தால் செலவு 31 ஆகும். மூன்றாவது, விற்காமல் திரும்பி வருபவை. விற்றுப் பார்த்தபோது இரண்டாம் வாரத்தில் மூன்றில் ஒன்று திரும்பியது. பழகப் பழக அதை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிடுவார்கள் என்றே தயவாக வைப்போம். அப்போது 200 விற்க 250 செய்ய வேண்டும். நான்காவது, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. மாதம் 26 நாளே.

இப்போது கணக்கிடுவோம். விற்ற 200க்கு வரவு 12,000. செய்த 250க்குச் செலவு 7,750. மிச்சம் 4,250. 26 நாளுக்கு 110,500. இதிலிருந்து மாதந்தோறும் போயே தீர வேண்டியவை உண்டு. முச்சக்கர வண்டி நாளுக்கு 500 வீதம் 13,000. வங்கித் தவணை 14,000. குளிர்ப்பெட்டி மின்சாரம் 4,000. பழுதுபார்ப்பு 2,000. ஆக 33,000. கையில் நிற்பது 77,500. அண்ணனும் தம்பியும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உழைத்ததற்குக் கூலி? 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அந்த அளவிலேயே இருவருக்கும் 26 நாளுக்கு எடுத்தால் 70,200. மீதி 7,300 ரூபா. அவர்களே நினைத்த 200ஐ நாம் குறைக்காமல் ஏற்றுக்கொண்டபோதும் இரண்டரை இலட்சம் ஏழாயிரமாகச் சுருங்கிவிட்டது. கூடையும் ஈரமும் போனபின் நின்ற கொழுந்து அவ்வளவே.

கண்ட எண்ணாகிய 60ஐ வைத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். 60 விற்க 75 செய்தால் வரவு 3,600, செலவு 2,325, மிச்சம் 1,275. 26 நாளுக்கு 33,150. மாதச் செலவு 33,000. ஒரு மாதம் முழுவதும் இருவர் உழைத்து மிஞ்சியது 150 ரூபா. பெரட்டுக் களத்துக்குப் போகிறவனுக்கு 2024இல் அறிவித்த அந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அது.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கடன் தவணையில் முதலும் வட்டியும் சேர்ந்திருக்கின்றன. நாம் இங்கே பார்ப்பது பெட்டியில் காசு நிற்குமா என்பதையாதலால் முழுத் தவணையையும் கழித்தோம். அந்தக் கடனால் வாங்கிய குளிர்ப்பெட்டியின் தேய்மானத்தையும் சேர்த்துக் கழித்தால் ஒன்றையே இருமுறை கழித்ததாகும். சில மாணவர் இரண்டையும் கழிப்பர். பலர் இரண்டையும் மறப்பர். எதைக் கழித்தாய், ஏன் என்று கேட்டால் விடை சொல்லத் தெரிகிறதா என்பதற்கே புள்ளி. மற்றது, தாயின் ஒன்றரை இலட்சத்துக்கு நேராகத் திட்டத்தில் "செலவு இல்லை" என்று எழுதியிருந்தது. அந்தப் பணம் வங்கியில் நிலையான வைப்பில் இருந்தால் தாய்க்கு மாதந்தோறும் ஏதோ கிடைத்திருக்கும். அது நின்றுபோவது ஒரு செலவு. பத்திரத்தில் எழுதாத கடன் என்பதற்காக அது கடனாகாமற் போய்விடாது.

இனிக் காசு வந்து சேரும் நாளைப் பற்றி. ஐந்தரை இலட்சமும் பெட்டிக்கும் பாத்திரத்துக்கும் மூடி ஒட்டும் இயந்திரத்துக்கும் போய்விட்டது. கடைக்காரர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணம் தருவார். அவருடைய வாடிக்கையாளரே சம்பளத்துக்கும் இருபத்தைந்தாந் திகதி முற்பணத்துக்கும் காத்திருந்து பற்றுக் கொப்பியில் எழுதி வாங்குபவர்கள். நாளுக்கு 60 கோப்பை, 60 ரூபா, 12 நாள்: 43,200 ரூபா எப்போதும் கடைகளில் நிற்கும். அதற்குள் பால்காரருக்குக் கொடுப்பது எதைக்கொண்டு? திட்டத்தில் விடையில்லை. இலாபத்தோடு நடக்கும் தொழில்கூட இப்படிக் கைக்காசு இன்றி மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும். மாதமொன்றுக்கு ஒரு வரி எழுதிய கணக்கில் இது தெரியாது. வாரத்துக்கு ஒரு வரியாக எழுதச் சொன்னால் உடனே வெளிப்படும். மூலப்பொருட் பட்டியல் முழுமையாக இருந்ததாலும் பெருக்கல் சரியாக இருந்ததாலும் 35க்கு 12 இட்டோம்.

மூன்றாம் பகுதி, அனுமானங்கள். இங்கே முதலிற் செய்வது திட்டத்தின் ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தோடு மோதவிட்டுப் பார்ப்பது. இரண்டாம் பக்கத்தில் அயலிலுள்ள இரண்டு மாடுகள் நாளுக்கு 11 லீற்றர் கறப்பதாக எழுதியிருந்தது. 11 லீற்றரில் 132 கோப்பைதான் வரும். ஐந்தாம் பக்கத்தில் 200 கோப்பை! இரண்டும் ஒரே கையெழுத்து. வெளியுலகை அறியாத ஆசிரியருக்கும் இந்தச் சோதனை எளிது. தாளையே சாட்சியாக்கித் தாளை விசாரிப்பது.

அடுத்தது, ஒன்றை மட்டும் அசைத்துப் பார்ப்பது. ஊவாவில் ஆடி ஆவணியில் வரண்ட காற்று அடிக்கும். தேயிலைக்கு அது மணம் தரும் பருவம். மாட்டுக்கோ புல் காயும் பருவம். அப்போது பால் குறையும், விலை ஏறும். லீற்றருக்கு 30 ரூபா ஏறினால் கோப்பைக்கு இரண்டரை ரூபா. 75 கோப்பைக்கு நாளுக்கு 187 ரூபா 50 சதம், மாதம் 4,875. முன்பு மிஞ்சிய 150 எங்கே? இப்படிப் பால் விலை, திரும்பி வருபவை, விற்பனை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக அசைத்து, எது அசைந்தால் திட்டம் விழுகிறது என்று மாணவன் எழுதியிருந்தால் அதற்குத் தாராளமாகப் புள்ளி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, இந்த மண்ணுக்கே உரிய தடைகள். வங்கிக்கு லயத்து வீட்டை ஈடாகக் காட்ட முடியுமா? பெரும்பாலோருக்கு உறுதி கையில் இல்லை. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போடத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். உணவுப் பண்டமாதலால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். சமையல் மூலையில் செய்வதை அவர் ஒப்புவாரா? பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். மழைக்காலத்தில் வீதி மூடுவதும் உண்டு. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதை நாம் மறக்கவில்லை. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனதையும், 200 ரூபா அளவிலிருந்த டொலர் 360ஐத் தாண்டியதையும் கண்டோம். இவற்றை முன்கூட்டிச் சொல் என்று எந்த மாணவனையும் கேட்கமாட்டோம். சொல்லியிருந்தால் அவன் சோதிடன். நாம் கேட்பது ஒன்றே: மூன்று நாள் மின்சாரமோ வீதியோ இல்லாவிட்டால் எவ்வளவு நட்டம், அதைத் தாங்கக் கையில் எவ்வளவு? இந்தத் திட்டத்தில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. 25க்கு 4.

மொத்தம் 22. பையன்கள் முகம் வாடிப் போனார்கள். "சேர், ஒரு மாசம் எழுதினோம்" என்றான் தம்பி. உண்மைதான். எழுதினார்கள்; நடக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் எந்த எண்ணைத் திருத்தினால் எத்தனை புள்ளி ஏறும் என்று எழுதி அனுப்பினாலே அது கல்வி.

இரண்டாம் முறை வந்த தாளைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அதில் வங்கிக் கடன் இல்லை. பாவித்த குளிர்ப்பெட்டி ஒன்றும் பாத்திரங்களும் 110,000 ரூபா. சொந்தக் குளிர்ப்பெட்டி உள்ள ஐந்து கடைகளுக்கு மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், மாதம் 13 முறை. முதல்நாள் மாலை தொலைபேசியில் எத்தனை வேண்டும் என்று கேட்டபின் 50 கோப்பை, விற்பது 46. கடைக்கு நாளுக்கு 7 வீதம் ஐந்து கடையும் இரண்டு நாளில் 70 விற்கும் என்பது கண்டது. அதற்கும் கீழேயே நின்றார்கள். கடையில் குளிர் இருப்பதால் மிஞ்சியது மறுநாளும் விற்கும். திரும்புவது குறைந்ததன் காரணம் அதுவே. வரவு 2,760, செலவு 1,550, மிச்சம் 1,210. 13 முறைக்கு 15,730. பஸ்ஸில் கொண்டுபோக 2,600, மின்சாரம் 3,000, பழுது 1,000. கையில் 9,130. போட்ட காசு மீள ஏறத்தாழ ஒரு வருடம். கடைசி வரி இது: "இது இருவருக்கும் தொழிலாகாது. வீட்டிலிருக்கும் தங்கைக்கு உபவருமானமாகும். அண்ணன் வேலையை விடக் கூடாது. தாயின் பணத்தில் 40,000 வங்கியிலேயே இருக்கட்டும்."

இதற்கு நாம் இட்டது 83. சந்தைக்கு 34, கணக்குக்கு 29, அனுமானத்துக்கு 20. சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "இரண்டரை இலட்சம் இலாபம் காட்டியவனுக்கு 22, ஒன்பதாயிரம் காட்டியவனுக்கு 83ஆ?" ஆம். நாம் நிறுத்தது இலாபத்தையன்று. இலாபத்தைப் பற்றிச் சொன்ன சொல்லின் உறுதியை. 'தொடங்க வேண்டாம்' என்று முடியும் திட்டமும் சான்றோடு வந்தால் அதே புள்ளி பெறும்.

ஆனால் நமது புள்ளிக்கும் எல்லை உண்டு. நைஜீரியாவில் 2011இல் தொடங்கிய பெரிய வணிகத் திட்டப் போட்டியொன்றில் வென்றவர்களை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து பார்த்தார்கள். நடுவர்கள் திட்டத்துக்கு அளித்த புள்ளிக்கும், மூன்று வருடத்தின் பின் அவர்களுடைய விற்பனை, இலாபம் ஆகியவற்றுக்கும் சொல்லத்தக்க தொடர்பு காணப்படவில்லை. நமது நாட்டிலேயே டி மெல், மக்கென்சி, வூட்ரவ் ஆகியோர் பெண்களிடையே நடத்திய ஆய்வில், முன்பே தொழில் நடத்தியவர்களுக்குப் பயிற்சி மட்டும் அளித்தபோது அவர்கள் கணக்கெழுதும் பழக்கம் முதலியன திருந்தினவேயன்றி இலாபம் கூடவில்லை. புதிதாகத் தொடங்குவோருக்கே பயிற்சி பயன்பட்டது. ஆகையால் 83 வாங்கியவன் வெல்வான் என்று நாம் எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. அந்தப் புள்ளி சொல்வது சிறிய விஷயம்: இந்தப் பிள்ளை கண்டதையும் கேட்டதையும் நினைத்ததையும் பிரித்து அறிவான்; பணம் போவதற்கு முன் எண்ணிப் பார்ப்பான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். போடப்போவது தாயின் முப்பது வருட வியர்வையாயின், அளவுகோலைப் பிடிக்கும் கை நேராக இருக்க வேண்டும்.